ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை ரூபாய் கேஸ்?

கேள்வி: நாங்கள் மூன்று பெண்கள் வேளச்சேரியில் வீடு எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறோம். கேஸ் இணைப்பு என் பெயரில், இரண்டு சிலிண்டர். ரசீது விலை 868.50 ரூபாய், கொண்டுவருபவருக்கு 40 ரூபாய் கொடுப்போம். காலையில் இட்லி, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போக சாதம், சாம்பார், பொரியல், இரவு சப்பாத்தி குருமா. மூவரில் ஒருத்தி இரவு மட்டும்தான் வீட்டில் சாப்பிடுகிறாள். செலவை மூன்றாகப் பிரிப்பது நியாயமில்லை என்கிறாள். வேளைக்கு எவ்வளவு என்று பார்க்கலாமே என்று கணக்குப் போட்டேன். செப்டம்பர் 22-இல் வந்த சிலிண்டருக்குப் பிறகு நவம்பர் 28-இல்தான் அடுத்தது வந்தது, 67 நாள். 908.50-ஐ 67-ஆல் வகுத்து, மூன்று வேளைக்குப் பிரித்தால் 4.52 ரூபாய். அதற்கடுத்தது ஜனவரி 2-லேயே வந்துவிட்டது, 35 நாள். அதே கணக்கில் 8.65 ரூபாய்! சமையல் மாறவில்லை. எடை குறைத்துக் கொடுத்துவிட்டார்களா? சிலிண்டர் மாற்றிய நாட்களைக் காலண்டரில் குறித்திருக்கிறோம்: அக்டோபர் 8, டிசம்பர் 1, ஜனவரி 8. தீபாவளிக்கு அக்டோபர் 18 முதல் 22 வரை வீடு பூட்டியிருந்தது. கீசர் கிடையாது. குளிருக்காக டிசம்பரிலிருந்து நானும் இன்னொருத்தியும் குளிக்க ஆளுக்கொரு வாளி வெந்நீர் வைத்துக்கொள்கிறோம், அது பெரிய செலவா என்ன?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை)

பதில்:

உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. வகுத்த நாட்கள்தான் தப்பு. சிலிண்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுத்தது வந்த நாள் வரை எண்ணியிருக்கிறீர்கள். ஒற்றை சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு அது ஓரளவு சரியாக வரும், ஏனென்றால் வந்த அன்றே மாட்டிவிடுவார்கள். உங்களிடம் இரண்டு இருப்பதால் ஒன்று எப்போதும் மூலையில் நின்று காத்துக்கொண்டிருக்கிறது. செப்டம்பர் 22-இல் வந்தது அக்டோபர் 8 வரை சீல் பிரிக்காமலேயே நின்றிருக்கிறது. இரண்டு டெலிவரிக்கு இடையே உள்ள நாட்கள் நீங்கள் எப்போது புக் செய்தீர்கள் என்பதைச் சொல்லுமே தவிர, அடுப்பு எவ்வளவு தின்றது என்பதைச் சொல்லாது.

நல்லவேளையாக, காலண்டரில் மாற்றிய நாளைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். நாற்பது வருஷமாக ஆலை கேன்டீன்களுக்கும் விடுதிகளுக்கும் செலவுக் கணக்குப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பத்து வீட்டில் ஒரு வீட்டில்கூட இது இருக்காது. அக்டோபர் 8-இல் மாட்டியது டிசம்பர் 1-இல் தீர்ந்தது என்றால் 54 நாள். டிசம்பர் 1-இல் மாட்டியது ஜனவரி 8-இல் தீர்ந்தது என்றால் 38 நாள். இரண்டிலும் மாட்டிய நாளை எண்ணி, தீர்ந்த நாளை விட்டுவிட்டேன். இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் ஒரு நாள் கூடிவிடும்.

முதல் சிலிண்டரின் 54 நாளில் தீபாவளிக்குப் பூட்டிய ஐந்து நாளைக் கழிக்க வேண்டும். அந்த ஐந்து நாளும் அடுப்பு எரியவில்லை. ஆக, முதல் சிலிண்டர் உழைத்தது 49 நாள், இரண்டாவது 38 நாள். 67-க்கும் 35-க்கும் இருந்த இரண்டு மடங்கு வித்தியாசம் இப்போது நாலில் ஒரு பங்குக்குக் கிட்டே வந்துவிட்டது. மிச்ச வித்தியாசம் நிஜமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

விலையில் எதைச் சேர்ப்பது என்று ஒரு வார்த்தை. ரசீதில் உள்ள 868.50-இலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணம் அடக்கம். நாற்பது ரூபாய் நீங்களாக விரும்பிக் கொடுப்பது. ஆனால் கையை விட்டுப் போன காசு போனதுதான், அதனால் கணக்கில் 908.50 என்றே வைத்துக்கொள்வோம். இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட்டை இதில் சேர்க்கக் கூடாது, இணைப்பை ஒப்படைக்கும்போது அது திரும்பி வரும். வங்கிக் கணக்கில் மானியம் விழுகிறவர்கள், குறிப்பாக உஜ்வாலா இணைப்பு உள்ளவர்கள், அந்தத் தொகையைக் கழித்துவிட்டுக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. 908.50-ஐ 14.2-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 64 ரூபாய், அதாவது ஒரு கிராம் கேஸ் 6.4 பைசா. இந்த ஓர் எண்ணை மட்டும் சமையலறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் இதை மட்டும் மாற்றினால் போதும், கீழே வரும் கிராம் கணக்கு அப்படியே இருக்கும்.

முதல் சிலிண்டரில் ஒரு நாளைக்கு ஆனது 14,200 கிராமை 49-ஆல் வகுக்க 290 கிராம். ரூபாயில் 18.54. இரண்டாவதில் 374 கிராம், ரூபாயில் 23.91. மாசக் கணக்கு எழுதுகிறவர்கள் பலர் சிலிண்டர் வந்த மாசத்தில் முழு விலையையும் எழுதிவிட்டு, வராத மாசத்தில் பூஜ்யம் போடுவார்கள். உங்கள் கணக்கில் அப்படி எழுதினால் அக்டோபர் மாசம் கேஸே செலவாகவில்லை என்று ஆகிவிடும். நாள் கணக்கில் பார்த்தால் நவம்பரின் 30 நாளுக்கு 556 ரூபாய், டிசம்பரின் 31 நாளுக்கு 741 ரூபாய். அந்த 185 ரூபாய் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

எடை குறைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகத்தை எண்ணை வைத்தே சோதிக்கலாம். அரைக் கிலோ குறைத்துக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 290 கிராம் செலவாகும் வீட்டில் அரைக் கிலோ என்பது இரண்டு நாளுக்கும் குறைவு. உங்களுக்குக் குறைந்ததோ 11 நாள். அதற்கு மூன்று கிலோவுக்கு மேல் காணாமல் போயிருக்க வேண்டும். மூன்று கிலோ குறைந்த சிலிண்டரைத் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். அதனால் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி மேல் பழி போட வேண்டாம்.

இருந்தாலும் அடுத்த முறை எடை போட்டு வாங்குவது நல்ல பழக்கம். சிலிண்டரின் தலையில் உள்ள கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளில் காலி எடை எழுதியிருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் இது மாறும். 15.3 என்று இருந்தால், நிறைந்த சிலிண்டர் 29.5 கிலோ காட்ட வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி அந்த வெந்நீர். பெரிய செலவா என்று கேட்டீர்கள். போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மார்கழிக் காலையில் உங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் சுமார் 25 டிகிரி இருக்கும். குளிக்க இதமாக 40 டிகிரி போதும். ஒரு வாளிக்கு 18 லிட்டர் என்றால் 18 பெருக்கல் 15, மொத்தம் 270 கிலோ கலோரி. கொஞ்சத்தை மட்டும் கொதிக்க வைத்து, அதே இதத்துக்குப் பச்சைத் தண்ணீர் கலந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான், வெப்பம் எங்கே போகும்?

ஒரு கிராம் கேஸ் எரிந்தால் கிட்டத்தட்ட 11 கிலோ கலோரி வரும். அதில் முழுவதும் பாத்திரத்துக்குள் போகாது. அடுப்புக்கான இந்தியத் தரநிலை குறைந்தபட்சம் 68 சதவீதம் கேட்கிறது, ஆனால் அது சோதனைக்கூடத்தில், மூடிய பாத்திரத்தில், புது பர்னரில். வீட்டில், மூடாத அண்டாவில், ஜன்னல் காற்றில் அறுபது சதவீதம் கிடைத்தால் நல்லது. அப்படிப் பார்த்தால் ஒரு கிராமுக்கு ஆறரை கிலோ கலோரி தண்ணீருக்குள் போகிறது. 270-ஐ 6.5-ஆல் வகுத்தால் வாளிக்கு 41 அல்லது 42 கிராம். இரண்டு வாளிக்கு 83 கிராம்.

இப்போது மேலே போய்ப் பாருங்கள். 374-இலிருந்து 290-ஐக் கழித்தால் 84 கிராம். இயற்பியல் சொல்வதும் காலண்டர் சொல்வதும் ஒரு கிராம் வித்தியாசத்தில் வந்து நிற்கின்றன. இவ்வளவு நெருக்கமாக வந்தது ஓரளவு அதிர்ஷ்டம்தான், உங்கள் வாளி 20 லிட்டராகவும் இருக்கலாம், குருமா ஒருநாள் அதிகமாகக் கொதித்திருக்கலாம். ஆனால் காணாமல் போன கேஸ் அண்டாவுக்கு அடியில்தான் எரிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாளைக்கு 5.37 ரூபாய், வாளிக்கு 2.68 ரூபாய், 38 நாளைக்கு 204 ரூபாய். சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைச் சாப்பாட்டுக் கணக்கில் கலந்ததால்தான் சாப்பாடு திடீரென்று விலை ஏறியது போலத் தெரிந்தது.

(வாட்டர் ஹீட்டர் கம்பி வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த 270 கிலோ கலோரிக்கு மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். உங்கள் மின் கட்டணத்தில் கடைசி யூனிட் எந்த விலைக்கு விழுகிறதோ அதை மூன்றால் வகுத்து 2.68-உடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாங்கினால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். அண்டாவே போதும் என்றால் தட்டு போட்டு மூடுங்கள்.)

சாப்பாட்டுக்கு வருவோம். வெந்நீரை விலக்கிவிட்டால் இரண்டு சிலிண்டரிலும் சமையல் செலவு நாளைக்கு 18.54 ரூபாய்தான். அதை மூன்றால் வகுத்து வேளைக்கு 6.18 என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் அதனால் உங்கள் வீட்டுத் தகராறு தீராது. ஏனென்றால் நீங்கள் மூன்று வேளை சாப்பிட்டாலும் இரண்டு முறைதான் சமைக்கிறீர்கள். இட்லியும் மதியச் சாப்பாடும் காலையில் ஒரே மூச்சில் ஆகின்றன. காலை உலைக்கும் இரவு உலைக்கும் எரிவது சமமாகவும் இருக்காது. முதலில் சமையலுக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும், அப்புறம் தட்டுக்கு.

சமையலைப் பிரிக்க நான் கேன்டீன்களில் கையாண்ட வழி, நிமிடக் கணக்கு. மீட்டர் எதுவும் வேண்டாம், ஒரு தாளும் கடிகாரமும் போதும். பெரிய பர்னர் முழு வேகத்தில் ஒரு நிமிடம் எரிந்தால் ஒரு புள்ளி. சின்ன பர்னரில் மூன்று நிமிடம் எரிந்தால் இரண்டு புள்ளி. சிம்மில் வைத்தால் எந்த பர்னரானாலும் நாலு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. இது தோராயம்தான், அடுப்புக்கு அடுப்பு மாறும். ஆனால் ஒரே அடுப்பில் காலையையும் இரவையும் ஒப்பிடுவதற்கு இது தாராளமாகப் போதும், ஏனென்றால் பிழை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

நீங்கள் சொன்ன சமையலுக்கு நானே நிமிடம் போட்டுப் பார்த்தேன். காலையில் சாதக் குக்கர் பெரிய பர்னரில் 15 நிமிடம், 15 புள்ளி. இட்லி அதே பர்னரில் 14 நிமிடம், 14 புள்ளி. பருப்பு வேகவைத்துச் சாம்பார் வைக்கச் சின்ன பர்னரில் 24 நிமிடம், 16 புள்ளி. பொரியலுக்கு அதே பர்னரில் 15 நிமிடம், 10 புள்ளி. இடையிடையே சிம்மில் போனது 12 நிமிடம் என்றால் 3 புள்ளி. ஆகக் காலைக்கு 58. இரவில் சப்பாத்திக் கல் பெரிய பர்னரில் 20 நிமிடம், குருமா சின்ன பர்னரில் 18 நிமிடம், சேர்த்து 32 புள்ளி. இரண்டு நேரமும் பால் காய்ச்சவும் டீக்கும் சின்ன பர்னரில் 9 நிமிடம், 6 புள்ளி. ஒரு நாளைக்கு மொத்தம் 96.

நாளைக்கு 290 கிராம் என்று நமக்குத் தெரியும். 96-ஆல் வகுத்தால் புள்ளிக்கு 3 கிராம், அதாவது பெரிய பர்னர் முழு வேகத்தில் மணிக்கு 180 கிராம். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஏறக்குறைய அவ்வளவுதான் எரிக்கும். அதனால் நான் போட்ட நிமிடங்கள் உங்கள் நிஜத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று நம்புகிறேன். நீங்கள் மூன்று நாள் கடிகாரம் பார்த்து எழுதிய பிறகு, உங்கள் கணக்கில் புள்ளிக்கு ஐந்து கிராம், ஆறு கிராம் என்று வந்தால் எதையோ எழுத மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் அது வெந்நீராக இருக்கும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு.

18.54 ரூபாயை 96 புள்ளிக்குப் பிரித்தால் காலைச் சமையல் 11.20, இரவுச் சமையல் 6.18, பால் டீ 1.16. இப்போது தட்டுகளை எண்ணுங்கள். காலைச் சமையலைச் சாப்பிடுவது நீங்களும் இன்னொருவரும், ஆளுக்குக் காலையும் மதியமும். நாலு தட்டு, தட்டுக்கு 2.80 ரூபாய். இரவில் மூவர், தட்டுக்கு 2.06. டீ மூவருக்கும் என்றால் ஆளுக்கு 39 பைசா.

ஆக, இரவு மட்டும் சாப்பிடுகிற தோழிக்கு ஒரு நாளைக்கு 2.45 ரூபாய். மூன்று வேளையும் சாப்பிடுகிற உங்கள் இருவருக்கும் ஆளுக்கு 8.05 ரூபாய். கூட்டிப் பார்த்தால் ஒரு பைசா முன்னே பின்னே 18.54 வரும்.

முதல் சிலிண்டரின் 49 நாளுக்கு அவர் பங்கு 120 ரூபாய். இரண்டாவதின் 38 நாளுக்கு 93 ரூபாய், வெந்நீரில் அவருக்குப் பங்கில்லை. மொத்தம் 213. இரண்டு சிலிண்டரையும் சரிசமமாக மூன்றாகப் பிரித்திருந்தால் அவர் கொடுத்தது சுமார் 606 ரூபாய். அவர் முணுமுணுத்ததில் நியாயம் இருக்கிறது. கூடுதலாக வாங்கியது 393 ரூபாய் போல, அதாவது நீங்கள் இருவரும் ஆளுக்கு 196 ரூபாய் அவருக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கும். கேள்வி கேட்டவருக்கே பில் வந்து சேர்வது என் பகுதியில் புதிதல்ல.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த மாசம் வேறு சண்டை வரும். தட்டுக்கு 2.80 என்பது சராசரி. நாளைக்கே அந்தத் தோழி மதியச் சாப்பாடும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தால் கேஸ் 2.80 ரூபாய்க்குக் கூடாது. குக்கரில் இரண்டு பேருக்கு வைக்கும் சாதத்தை மூன்று பேருக்கு வைத்தால் விசில் வர ஒன்றிரண்டு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். சாம்பாரும் அப்படியே. கூடுதல் கேஸ் ஐம்பது, அறுபது பைசாவுக்கு மேல் போகாது. சப்பாத்தியும் தோசையும் வேறு ஜாதி. அவை ஒவ்வொன்றாகக் கல்லில் விழுவதால் ஆள் கூடினால் நிமிடமும் அதே விகிதத்தில் கூடும். அதனால் புதிதாக ஒருவர் வந்து சேரும்போது “இவரால் எவ்வளவு கூடுகிறது” என்பது வேறு கேள்வி, “எல்லோரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது” என்பது வேறு கேள்வி. நீங்கள் கேட்டது இரண்டாவது. அதற்குத் தட்டுக் கணக்குதான் சரி. முதல் கேள்விக்கான எண்ணை எடுத்துக்கொண்டு வந்து, “எனக்கு அறுபது பைசாதான்” என்று யாராவது வாதாடினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருமே அப்படிச் சொன்னால் சிலிண்டருக்குக் காசு யார் கொடுப்பது?

இன்னொன்று, சிலிண்டர் தீரும் வரை காத்திருக்காமலேயே இந்தக் கணக்கைப் பார்க்கலாம். உடல் எடை பார்க்கும் மெஷின் வீட்டில் இருந்தால் இணைப்பைக் கழற்றாமல், டியூப் இழுபடாமல், சிலிண்டரை நிமிர்த்தியபடியே அதன் மேல் ஏற்றி நிறுத்தி எடையை எழுதிக்கொள்ளுங்கள். அடுப்பும் ரெகுலேட்டரும் அணைந்திருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை, அதே நாள், அதே நேரம். வெந்நீர் இல்லாத வாரத்தில் 2 கிலோ குறைய வேண்டும், வெந்நீர் உள்ள வாரத்தில் 2.6 கிலோ. தினமும் போடுவதில் பயனில்லை. இந்த மெஷின்கள் நூறு கிராம் கணக்கில்தான் காட்டும், சில மெஷின்களோ எடை கொஞ்சமே மாறியிருந்தால் போன முறை காட்டிய எண்ணையே திரும்பக் காட்டும். ஒரு வாரம் விட்டால் அந்தக் குழப்பம் இருக்காது. பட்டையில் எழுதிய காலி எடையைக் கழித்தால் உள்ளே இன்னும் எத்தனை கிலோ இருக்கிறது என்றும் தெரியும். 290 கிராமால் வகுத்தால் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடலாம், புக்கிங்கும் பதற்றமில்லாமல் நடக்கும்.

ஜனவரி 8-இல் மாட்டிய சிலிண்டருக்கும் இதே மாதிரி எழுதுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன நாட்களையும், வெந்நீர் வைப்பதை நிறுத்திய நாளையும் அதே காலண்டரில் குறியுங்கள். வெந்நீர் நின்ற பிறகு வாரத்துக்கு 2 கிலோவுக்கு இறங்க வேண்டும். இறங்காமல் இரண்டரை கிலோவிலேயே நின்றால் சமையலைக் குறை சொல்லாதீர்கள், அடுப்பைப் பாருங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக நீண்டு, பாத்திரத்தின் அடி கரிபிடித்தால் பர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன. பர்னர் மூடியைக் கழற்றிக் கழுவி, துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சுடர் நன்றாகவே இருந்தும் எடை வேகமாக இறங்கினால் சோப்பு நுரையை ரெகுலேட்டர் மேலும் டியூபின் இரு முனைகளிலும் தடவிப் பாருங்கள். நுரை குமிழியிட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கசிகிறது. ரெகுலேட்டரை அணைத்துவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். வாடை வந்தால் நுரை தடவிப் பார்க்கவெல்லாம் நிற்க வேண்டாம், ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகு 1906-க்கு அழையுங்கள்.